மருத்துவ விசா: முதலில் எண்ண வேண்டியது நாட்களை

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு நாக்கில் ஆறாத புண். பயாப்ஸி எடுத்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று குடும்பம் முடிவெடுக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, இந்திய இ-விசாவை வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகவே முதல் வேலையாகக் கணினியைத் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முழுச் சிகிச்சைக்கும் எத்தனை நாளாகும்?

நாக்குப் புற்றுநோயில் இந்தக் கணக்கு எளிதில் ஏமாற்றிவிடும். வந்து இறங்கியதும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து மருத்துவரின் ஒப்புதல் என்று ஒரு வாரம் போகும். பிறகு அறுவை சிகிச்சை, பத்து நாள் அளவில் ஆஸ்பத்திரி வாசம். வெட்டியெடுத்த பகுதி நோயியல் ஆய்வுக்குப் போய் அறிக்கை வந்த பிறகுதான், கதிர்வீச்சு தேவையா என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். தேவைப்பட்டால் அறுவை முடிந்து ஆறு வாரங்களுக்குள் அதைத் தொடங்கப் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 அமர்வுகள் என்றால் அதற்கே ஆறு வாரம். முடிந்தபின் வாய்ப்புண் ஆறிச் சாப்பாடு இறங்க ஓரிரு வாரம். கூட்டினால் மூன்றரை மாதத்தைத் தொடுகிறது.

இ-மருத்துவ விசா முதல் நாள் இந்தியாவில் கால் வைத்ததிலிருந்து 60 நாள்தான். அந்தக் கெடுவுக்குள் மூன்று முறை வந்துபோகலாம். கண்புரைக்கும் மூட்டு மாற்றத்துக்கும் இது போதும். நம் நோயாளிக்கோ, கதிர்வீச்சு பாதியில் நிற்கும்போது விசா முடிந்துவிடும். அந்தச் சிகிச்சையில் இடைவெளி விழுவது உடலுக்கே கெடுதல். அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இத்தகையவர்களுக்கு ஏற்றது, இந்தியத் தூதரகம் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் வழக்கமான மருத்துவ விசா. கொழும்பில் உயர் ஸ்தானிகராலயமும் யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. சிகிச்சைக்காலம் அல்லது ஓராண்டு, இதில் எது குறைவோ அதுவரை அந்த விசாவைத் தரலாம். ஆனால் சிகிச்சைக்காலம் எவ்வளவு என்பதை அதிகாரி தாமாகச் சொல்ல முடியாது. மருத்துவமனைக் கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்.

பெரிய மருத்துவமனைகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன், கடவுச்சீட்டின் படப்பக்கம் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினால், மருத்துவர் பார்த்துவிட்டுக் கடிதம் தருவார்கள். இடைத்தரகர் இல்லாமலே இதைச் செய்யலாம். கடிதம் மருத்துவமனையின் முகப்புத்தாளில் கையெழுத்தும் முத்திரையுமாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், அதன் எண், நோய், செய்யப்போகும் சிகிச்சை, மருத்துவர் பெயர், சந்திப்புத் தேதி, எதிர்பார்க்கும் காலம், உத்தேசச் செலவு, துணைக்கு வருபவர்களின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இவ்வளவும் அதில் இருந்தால் நல்லது.

சறுக்குவது 'எதிர்பார்க்கும் காலம்' என்ற இடத்தில். அறுவை சிகிச்சையை மட்டும் மனதில் வைத்து அலுவலகத்தில் "மூன்று வாரம்" என்று அடித்துவிடுவார்கள். கதிர்வீச்சு இன்னும் முடிவாகாததால் அவர்கள் எழுதியது பொய்யில்லை. ஆனால் நீங்கள் மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம்: "டொக்டர், ஒப்பரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன் தேவைப்படலாம் என்றால், அந்தக் காலத்தையும் சேர்த்து எழுதித் தருவீங்களோ?" 'அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் அதைத் தொடர்ந்து கதிர்வீச்சு, மொத்தம் நான்கு மாதம் வரை' என்ற ஒரு வரி போதும். பின்னால் வரும் அலைச்சலை அது பெருமளவு குறைத்துவிடும்.

துணைக்கு வருபவர்களுக்குத் தனி விசா. ஒரு நோயாளிக்கு இருவருக்கு மட்டுமே தருவார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், இரத்த உறவினர் என்பது விதி. சென்னையை நன்றாகத் தெரிந்தவர் என்று மகளின் கணவரையோ அயல்வீட்டுக்காரரையோ அனுப்ப நினைக்கும் குடும்பங்கள் இங்கேதான் நிற்க வேண்டியிருக்கும். மனைவியும் மகளும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்குத் திருமணச் சான்றிதழ், மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். மனைவியின் கடவுச்சீட்டு இன்னும் தகப்பன் பெயரிலேயே இருக்கலாம், மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கலாம். விண்ணப்பிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். துணை விசாவின் கெடு நோயாளியின் விசாவோடு முடிந்துவிடும். நோயாளிக்கு நீட்டிப்புக் கேட்கும்போது இவர்களுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அடுத்தது பணம். வழக்கமான விசாவுக்கு வங்கிக் கணக்கறிக்கை கேட்பார்கள். அதிகாரி அதை மருத்துவமனையின் உத்தேசச் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பல மாதங்களாகச் சில ஆயிரமே இருந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் பெருந்தொகை விழுந்திருந்தால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். காணி விற்ற பணமென்றால் உறுதியின் பிரதியையும், வெளிநாட்டு மகன் அனுப்பியதென்றால் அனுப்பிய ரசீதையும், செலவை ஏற்பதாக அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும், அவருடைய கணக்கறிக்கையையும் சேர்த்து வையுங்கள். மறைக்கத் தேவையில்லை, விளக்கினால் போதும்.

உத்தேசச் செலவு என்பது ஆஸ்பத்திரிக்குள் ஆகும் செலவு மட்டும், அதுவும் எல்லாம் சிக்கலின்றி நடந்தால். மூன்று பேருக்கு மூன்றரை மாத அறை வாடகை, சாப்பாடு, தினமும் கதிர்வீச்சுக்குப் போய்வரும் ஆட்டோச் செலவு அதில் இல்லை. இவற்றைத் தனித்தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் யாரும் புறப்படக் கூடாது. பெருந்தொகையை வங்கி வழியே மருத்துவமனைக் கணக்குக்கு அனுப்புவதே பாதுகாப்பு. கையில் கொண்டுவந்தால், வெளிநாட்டு நோட்டுகள் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டும்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் அறிவித்துப் படிவம் வாங்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் நாள் போதாமல் போகலாம். காயம் ஆறத் தாமதமாகும், ரத்த அணுக்கள் குறையும். அப்போது விசா முடியும் முன்பே, indianfrro.gov.in தளத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் எத்தனை நாள் ஏன் தேவை என்று மருத்துவமனை புதுக் கடிதம் தர வேண்டும், தங்குமிடத்துக்கும் சான்று வேண்டும். இந்த இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் லாட்ஜோ வீட்டுக்காரரோ அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தைப் படிவத்தில் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சின்ன அறைகளில் சிலர் அதைச் செய்வதில்லை. வாடகை பேசும்போதே "வெளிநாட்டவருக்கான ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேட்டு, போட்டதும் ஒரு பிரதி வாங்கி வையுங்கள்.

சிகிச்சை முடிந்து ஊருக்குப் புறப்படும் வாரத்தில் இன்னொரு கடிதமும் வாங்க வேண்டும். வாய்ப்புற்று நோயாளியை முதல் ஆண்டில் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க விரும்புவார்கள். டிஸ்சார்ஜ் அறிக்கையோடு, அடுத்த பரிசோதனைத் தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள். விசாவில் காலமும் நுழைவும் மிச்சமிருந்தால் அதிலேயே வரலாம். இல்லையென்றால் அடுத்த விண்ணப்பத்தை இந்தக் கடிதத்தை வைத்தே போடலாம்.