தரகரின் அறிமுகக் குறிப்பு

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள், மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று கட்டாயம் கேட்பார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அங்கே தொழில் செய்யும் தரகர் ஒருவர், நோட்டீஸில் போட இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “20 ஆண்டு அனுபவம். 500 குடும்பங்களின் நம்பிக்கை. ஏரியாவில் நம்பர் ஒன்.” வாங்குபவரின் கேள்விக்கு இதில் எங்கேயும் பதில் இல்லை. 500 என்பதைச் சரிபார்க்கவும் வழியில்லை.

அதையே அவர் இப்படி எழுதலாம்: “முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் மட்டும் வீடு, மனை பார்த்துத் தருகிறேன். 2015 வெள்ளத்தில் எந்தத் தெருவில் எந்த உயரம் வரை தண்ணீர் வந்தது என்பது தெரியும். வீட்டைக் காட்டும்போதே அதையும் சொல்லிவிடுவேன்.” ஊர் தெரியும் என்று பொதுவாகச் சொல்வதைவிட இது வலுவானது. வாங்குபவர் அதே தெருவில் நாலு வீட்டுக்காரர்களிடம் விசாரித்து, சொன்னது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம்.

முடித்துக் கொடுத்த கிரயங்களைச் சொல்லும்போதுதான் பெருமை எளிதில் நுழைந்துவிடும். அதற்கு நான் சொல்லும் வழி, எண்ணிக்கையை விட்டுவிட்டு, சிக்கலான ஒன்றை மட்டும் விவரமாக எழுதுவது. உதாரணமாக: “ஒரு பழைய வீட்டின் பட்டா காலமான அப்பா பெயரிலேயே இருந்தது. விற்க வந்தவர் மகன். வாரிசுச் சான்றிதழில் இரண்டு மகள்களின் பெயரும் இருந்ததால், அவர்களும் கையெழுத்துப் போடச் சம்மதிக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொன்னேன். கிரயம் சில மாதம் தள்ளிப்போனது. மூவரும் வந்து பதிவு செய்தார்கள்.” தன்னைப் புகழும் சொல் இதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கமிஷனுக்காக அவசரப்படுத்தாத ஆள் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. நடந்ததை மட்டுமே எழுத வேண்டும். குடும்பத்தின் பெயர், கதவு எண், கிரயத் தொகை வேண்டாம். அடையாளம் தெரிந்துவிடும் என்றால் அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

தன் வேலை எதுவரை என்பதையும் சொல்லிவிட வேண்டும். “வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் வாங்கித் தருவேன், அவற்றைப் படித்துக் கருத்துச் சொல்வது உங்கள் வழக்கறிஞர்” என்ற ஒரு வரி, பின்னால் வரும் பல மனஸ்தாபங்களைத் தடுக்கும். கமிஷன் எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பதும் அதற்கடுத்த வரியிலேயே இருக்கட்டும்.

கடைசியாகப் பதிவு எண். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தரும் தரகரும் அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். தனியார் ஒருவரின் பழைய வீட்டை மறுவிற்பனை செய்து தர அது தேவைப்படாது. பதிவு உள்ளவர் எண்ணை முழுதாகப் போட்டால், ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். இல்லாதவர் “மறுவிற்பனை வீடுகள் மட்டும்” என்று எழுதிவிடலாம்.