“பாஸ் பண்ணிட்டு வாங்க” என்றார்கள்... போனேன்!



வேலை கேட்டுப் போய், “இல்லை” என்று சொல்லி அனுப்பிய இடத்துக்கே மறுபடியும் போய் நிற்க யாருக்குத்தான் மனசு வரும்? எனக்கும் வரவில்லை. ஆனாலும் போன வருஷம் போனேன். போனது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. என்னைப் போல் யாராவது தயங்கிக்கொண்டு இருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே இங்கிலீஷ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். சின்னவன் மூன்றாம் வகுப்புக்குப் போனதும் பகலில் கொஞ்சம் நேரம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் இன்ஸ்டிடியூட்டில் ஜூன் மாதம் தமிழ் லோயருக்குச் சேர்ந்தேன். பிப்ரவரிப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்த சமயத்தில், ஜனவரியில், எங்கள் ஊர்த் தனியார் பள்ளி ஒன்றில் ஆபீஸ் கிளார்க் வேலை காலி என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். 19-ஆம் தேதி கூப்பிட்டுப் பேசினார்கள்.

தலைமையாசிரியை அம்மா நன்றாகத்தான் பேசினார். சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார். பிறகு, “பெற்றோருக்குப் போகிற சுற்றறிக்கை எல்லாம் தமிழ்லதான் போகுது. உங்களுக்குத் தமிழ் டைப்பிங் தெரியுமா?” என்று கேட்டார். “படிச்சுக்கிட்டு இருக்கேன் மேடம், அடுத்த மாசம் பரீட்சை” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “படிச்சுக்கிட்டு இருக்கேன்னு நிறையப் பேர் சொல்றாங்கம்மா. பாஸ் பண்ணிட்டு வாங்க, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வேறொரு பெண்ணை எடுத்துவிட்டதாகத் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் ஒரு நல்ல காரியமும் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே மளிகைக் கணக்கு நோட்டின் பின் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன். பின்னால் எனக்குக் கை கொடுத்தது அந்த இரண்டு வரிதான்.

பிப்ரவரியில் பரீட்சை எழுதினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. ஸ்பீடு பேப்பர் பத்தே நிமிடம். கடிதமும் ஸ்டேட்மெண்ட்டும் அடிக்கிற பேப்பர் தனி. ஏப்ரலில் ரிசல்ட் வந்தது. தமிழ் லோயர், முதல் வகுப்பு! “அந்த ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் போடேன்” என்று என்னவர்தான் முதலில் சொன்னார். “ஆள் எடுத்துட்டாங்களே” என்றேன். “எடுத்தா என்ன? உன்னை வேண்டாம்னு சொன்ன காரணம் போயிடுச்சு இல்ல, அதைச் சொல்லு” என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். முழுதாக இரண்டு பக்கம் வந்தது. வீட்டுக் கஷ்டம், பிள்ளைகள் படிப்பு, அன்று திருப்பி அனுப்பியபோது எவ்வளவு வருத்தப்பட்டேன், எத்தனை சிரமத்தில் படித்தேன் என்று எல்லாம் கொட்டிவிட்டேன். தபாலில் போடுவதற்கு முன் இன்ஸ்டிடியூட் சாரிடம் காட்டினேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுப்பவர் அவர். படித்துவிட்டு, “ஏம்மா, இதுல நீ பாஸ் பண்ணின விஷயம் எங்கே இருக்கு?” என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். இரண்டாவது பக்கம் கடைசியில் ஒரு வரியாக இருந்தது!

அவர் சொன்னதை மறக்க முடியாது. “வேண்டாம்னு சொல்லும்போது அவங்க ஒரு காரணம் சொன்னாங்க. இந்த லெட்டர் அந்தக் காரணத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லணும். உன் கஷ்டத்தைச் சொன்னா அவங்க பாவப்படுவாங்க, வேலை தர மாட்டாங்க. அன்னிக்கு அவங்க செஞ்சது தப்புங்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது. அன்னிக்கு உன்கிட்ட தமிழ் லோயர் இல்லை, அவங்க சொன்னது சரி. இன்னிக்கு இருக்கு, அதை மட்டும் எழுது.”

இன்னொன்றும் சொன்னார். “வேலை கொடுங்கன்னு கேக்காதே. ஆள் இருக்கும்போது எப்படிக் கொடுப்பாங்க? அவங்களால சரின்னு சொல்ல முடிஞ்ச சின்ன விஷயமாக் கேளு. டைப்பிங் டெஸ்ட் ஒண்ணு வெச்சுப் பாருங்கன்னு கேளு.”

கடைசியில் எழுதிய கடிதம் இதுதான். அனுப்புநர், பெறுநர் விலாசத்தை மட்டும் விட்டுவிட்டுத் தருகிறேன்:

“பொருள்: அலுவலக எழுத்தர் பணி – தமிழ்த் தட்டச்சுத் தேர்ச்சி பெற்றமை – மறுபரிசீலனை வேண்டுதல்.

பார்வை: ஜனவரி 19 அன்று தங்களிடம் நடந்த நேர்முகம்.

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். பார்வையில் கண்ட நேர்முகத்தின்போது, தமிழ்த் தட்டச்சில் தேர்ச்சி பெற்ற பின் வருமாறு தாங்கள் கூறியிருந்தீர்கள். பிப்ரவரியில் நடந்த அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழ் இளநிலையில் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளேன். ஆங்கில இளநிலை முன்பே தேர்ச்சி பெற்றது தாங்கள் அறிந்ததே. அந்தப் பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டதாக அறிகிறேன். இனி இடம் ஏற்பட்டாலோ, மாணவர் சேர்க்கை மாதங்களில் தற்காலிகமாக ஆள் தேவைப்பட்டாலோ, எனக்கு ஒரு தட்டச்சுத் தேர்வு வைத்துப் பார்த்து என் விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: தேர்வு முடிவின் நகல். மூலச் சான்றிதழ் வந்தவுடன் காட்டுகிறேன்.”

அவ்வளவுதான், அரைப் பக்கம். இதில் ‘பார்வை’ என்ற வரியை லேசாக நினைக்காதீர்கள். மாதம் மூன்று ஆகிவிட்டது, அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகம் இருக்குமா? தேதியைப் பார்த்ததும் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்பார்கள் இல்லையா! அதேபோல் இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிசல்ட் முதலில் வந்துவிடும், அச்சடித்த சர்ட்டிபிகேட் பிறகுதான் இன்ஸ்டிடியூட்டுக்கு வரும். சர்ட்டிபிகேட் வரட்டும் என்று நான் காத்திருந்தால் அட்மிஷன் நேரமே முடிந்திருக்கும். அதனால் ரிசல்ட்டைப் பிரிண்ட் எடுத்து வைத்தேன். சர்ட்டிபிகேட் இன்னும் கைக்கு வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன்.

ஏப்ரல் 22-ஆம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நேரில் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்தேன். காலையில் போனால் பெற்றோர் கூட்டத்தில் கவரை எங்காவது வைத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டு உட்காராமல் வந்துவிட்டேன். எட்டு நாள் வரை ஒன்றும் இல்லை. போன் பண்ணிக் கேட்கலாமா என்று கை துடித்தது. சார் வேண்டாம் என்றார். “பதினஞ்சு நாள் விடு. அப்புறம் ஒரு தடவை கேளு. அதுக்கு மேல கேக்காதே” என்றார். ஒன்பதாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள்.

டெஸ்டில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. பத்து வரிச் சுற்றறிக்கையைக் கொடுத்து கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். கண்ணைக் கீபோர்டில் வைக்காமல் மளமளவென்று அடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஒரே குளறுபடி, ஒரு வார்த்தைகூட வாசிக்க முடியவில்லை! எனக்குக் கை கால் உதறியது. விஷயம் என்னவென்றால், நான் படித்தது டைப்ரைட்டர் மிஷினில். அங்கே இருந்த பெண் இங்கிலீஷ் எழுத்தை ஒலிக்குத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையை வைத்திருந்தார். இரண்டிலும் எழுத்து இருக்கும் இடமே வேறு வேறு. நல்ல வேளையாக, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கம்ப்யூட்டரில் நான் பத்து நாள் பழகியிருந்தேன். அதனால், “பழைய டைப்ரைட்டர் முறைக்கு மாத்திக்கலாமா மேடம்?” என்று கேட்கத் தெரிந்தது. அந்தப் பெண்ணே பட்டியலில் தேடி மாற்றிக் கொடுத்தார். மறுபடி அடித்தேன். இரண்டு பிழைதான்.

இதனால் எனக்குப் புரிந்தது ஒன்று. சர்ட்டிபிகேட் நம்மை அந்த நாற்காலி வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். நாம் பாஸ் செய்தது எந்த மிஷினில், அவர்கள் வேலை வாங்கப்போவது எதில் என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

கேட்ட வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இருந்த பெண் நன்றாக வேலை செய்கிறார், அவரை எடுத்துவிட்டு என்னைப் போட வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. அட்மிஷன் வேலைக்கு மே, ஜூன், ஜூலை மூன்று மாதம் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஜூலை முடிந்ததும் தலைமையாசிரியை அம்மா, “அரை நாள் வர முடியுமா?” என்று கேட்டார். பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். இன்று வரை போய்க்கொண்டு இருக்கிறேன்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். தேர்வாணையம் மூலம் எடுக்கும் அரசு வேலைக்கு இந்தக் கடிதம் உதவாது. அறிவிக்கை வந்த தேதியில் கேட்ட தகுதி கையில் இருக்க வேண்டும். அதற்கப்புறம் பாஸ் செய்தால் அடுத்த அறிவிக்கைக்குத்தான். என் தோழி ஒருத்தி விவரம் தெரியாமல் எழுதிப் போட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தாள். அதேபோல், “தூரம் அதிகம்”, “சம்பளம் ஒத்து வராது” என்று சொல்லித் திருப்பி அனுப்பிய இடத்துக்குப் புது சர்ட்டிபிகேட்டை நீட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் சொன்ன காரணம் அது இல்லையே!

அதனால் சகோதரிகளே, யாராவது “இல்லை” என்று சொன்னால் அழுதாலும் பரவாயில்லை. ஏன் இல்லை என்று சொன்னார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த வரிக்குப் பதில் கையில் கிடைக்கிற அன்றைக்கு அந்த நோட்டு வேண்டியிருக்கும்.

சார் இப்போது தமிழ் ஹையருக்குப் பணம் கட்டச் சொல்லிக்கொண்டு இருக்கிறார். நிமிடத்துக்கு 45 வார்த்தை. சாயங்காலம் சமையலை முடித்துவிட்டுப் போய்க்கொண்டு இருக்கிறேன்.

– ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்