லாபம் மட்டும் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்

ஷேர் மார்க்கெட் கோர்ஸ் விற்கும் யூட்யூபர் லாப ஸ்க்ரீன்ஷாட் போட்டால், நீங்க கேட்க வேண்டியது ஒண்ணுதான்: “முழுக் கணக்கு எங்கே?”

‘பாப் ஆஃப் சார்ட்’ சேனல் நடத்திய நசிருதீன் அன்சாரி கதை இதுக்குச் சரியான உதாரணம். தன் கோர்ஸில் சேர்ந்தா லாபம் நிச்சயம்னு விளம்பரம் செய்தார். செபி அவருடைய டிரேடிங் கணக்கையே எடுத்துப் பார்த்தது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருக்கே சுமார் 2.89 கோடி ரூபாய் நஷ்டம்! 2023 அக்டோபரில் அவருக்குத் தடை விதித்து, வசூலித்த 17.2 கோடியை டெபாசிட் செய்யச் சொன்னது.

இதில் ஏமாறுவது எப்படி? பத்து டிரேடில் எட்டு நஷ்டமானாலும், மீதி இரண்டை மட்டும் காட்டலாம். அதை நம்பி நீங்க ரூ.10,000-க்கு ஆப்ஷன் வாங்குறீங்க. எக்ஸ்பைரி அன்று விலை எதிர்ப்பக்கம் நின்றால் மொத்தமும் பூஜ்யம். கோர்ஸ் ஃபீஸ் தனி நஷ்டம்.

எந்த ஷேர் வாங்கணும்னு காசு வாங்கிச் சொல்பவருக்கு செபி பதிவு வேணும். எண் INH அல்லது INA என்று தொடங்கும். செபி தளத்தில் தேடிப் பாருங்க.

ஏற்கனவே ஏமாந்தாச்சா? விளம்பர வீடியோ, சாட், யுபிஐ ரசீது மூணையும் சேமித்து வையுங்க. முதலில் 1915-க்குப் பேசுங்க. தீரலைன்னா நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம்.