அம்மாவின் வீட்டை விற்க அனுமதி கேட்கும் மனு

டிமென்ஷியா வந்த பெற்றோரின் வங்கிக் கணக்கை இயக்க, பிள்ளைகள் முதலில் நம்புவது பவர் பத்திரத்தை. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்ததுமே அது செல்லாமல் போகிறது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைக்கு ஒரு பிரதிநிதியை அனுமதிக்கிறதே தவிர, சொத்தைப் பற்றிப் பேசவில்லை. அதனால்தான் குடும்பங்கள் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகின்றன. மாதிரிக்கு ஒரு மனு: 78 வயதுத் தாய், தன் பெயரைச் சொல்கிறார், பெற்ற மகளைத் தங்கை என்கிறார். மாதம் 28,000 ரூபாய் ஓய்வூதியம், 20 லட்சம் வைப்புத்தொகை, அவர் பெயரில் ஒரு வீடு. ஓய்வூதியத்தை எடுக்கவும், வைப்புத்தொகையைக் கையாளவும், சிகிச்சைக்குக் கையெழுத்திடவும், வீட்டை விற்கவும் அடமானம் வைக்கவும் மகன் அதிகாரம் கேட்கிறார். பதிலுக்கு அவர் தருவதாகச் சொல்லும் பாதுகாப்பு, மருத்துவச் சான்றும் மகளின் 'ஆட்சேபணை இல்லை' கடிதமும், 'தாயின் நலனுக்காகவே செலவிடுவேன்' என்ற உறுதிமொழியும்தான்.

முதல் மூன்று அதிகாரங்களில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. எடுத்த பணத்துக்கு வங்கியில் தடம் இருக்கும். என் கவலையெல்லாம் வீட்டைப் பற்றியது. பராமரிப்புக்கு மாதம் 45,000 ரூபாய் ஆகிறது என்கிறது மனு. வைப்புத்தொகைக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 11,600 வரும். ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 39,600. குறைவது மாதம் 5,400, ஆண்டுக்கு 65,000 ரூபாய்க்குள். அசலிலிருந்தே பல ஆண்டுகள் ஈடுகட்டலாம். அப்படியிருக்க, வீட்டை இப்போதே விற்பானேன்? இந்தக் கணக்கை மனு போட்டுக் காட்டவில்லை. வீட்டுக்கு மதிப்பீட்டாளர் அறிக்கையும் இல்லை, விற்ற பணம் எந்தக் கணக்கில் போய்ச் சேரும் என்ற வரியும் இல்லை. விலை போன வீடு திரும்பி வராது. மகளின் கடிதமும் தாய்க்குக் காவல் ஆகாது, அவரும் வாரிசுதானே.

ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டுப் படி ஏற வேண்டுமா, இரவெல்லாம் கண்விழித்துப் பார்ப்பவர்களைச் சந்தேகப்படலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் களைப்பு உண்மை. ஆனால், நான் கேட்பது தினசரி அனுமதி அல்ல. கோமாவில் இருப்பவர்களுக்காகக் கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் வகுத்த நெறிமுறையில் மருத்துவக் குழுவின் பரிசோதனை, வருவாய்த் துறை அதிகாரியின் நேரடி அறிக்கை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு ஆகியவை இருக்கின்றன. இவற்றை மகனே முன்வந்து மனுவில் எழுதலாம். வீட்டைப் பொறுத்தவரை, வைப்புத்தொகை 5 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் மதிப்பீட்டு அறிக்கையோடு தனி மனு போட்டு அனுமதி கேட்பேன் என்றும், கிடைக்கும் பணத்தைத் தாயின் பெயரிலேயே போடுவேன் என்றும் சேர்க்கலாம். கோமாவில் இருப்பவரிடம் கேட்க முடியாத ஒன்றை இந்தத் தாயிடம் கேட்கவும் முடியும். மகன் அருகில் இல்லாத நேரத்தில், தெளிவு சற்றே கூடியிருக்கும் காலை வேளையில், அதிகாரி ஒருவர் அவரிடம் "எங்கே இருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே அறிக்கையில் எழுத வேண்டும். மனுவில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.