மலையிறங்கும் கார் குழப்பும் கணக்கு

1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு புதிரை 20 நிமிடத்தில் தீர்த்தார். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு மிகக் குறுகிய வழி எது? ஆர்மாக் என்ற புதிய கணினியின் திறமையை மக்களுக்குக் காட்ட, 64 நெதர்லாந்து ஊர்களைக் கொண்ட வரைபடத்தில் அந்த முறை ஓடியது. 1959-இல் அச்சாயிற்று.

முறை எளிமையானது. புறப்படும் ஊரின் தூரம் 0. அங்கிருந்து நேராகப் போகக்கூடிய ஊர்களை, இதுவரை தெரிந்த தூரத்தோடு ஒரு பட்டியலில் போட வேண்டும். பட்டியலில் மிகக் குறைந்த தூரமுள்ள ஊரை எடுத்து, அதன் தூரம் இதுதான் என்று முடித்துவிட வேண்டும். பிறகு அந்த ஊர் வழியாகப் போனால் பக்கத்து ஊர்களுக்குத் தூரம் குறைகிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். பட்டியலில் மிகச் சிறியதை உடனே எடுத்துத் தருவது முன்னுரிமை வரிசை. டைக்ஸ்ட்ராவின் மூல முறையில் இது இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.

எந்தத் துணிச்சலில் ஓர் ஊரை முடித்துவைக்கிறோம்? பட்டியலில் எஞ்சிய ஊர்கள் எல்லாம் அதைவிடத் தள்ளியோ அதே தூரத்திலோ இருக்கின்றன. அவற்றைச் சுற்றி வந்தால் தூரம் கூடுமே தவிரக் குறையாது. எல்லாம் இந்த ஒரே நம்பிக்கையில்தான் நிற்கிறது.

கிலோமீட்டருக்குப் பதில் மின்சாரக் காரின் பேட்டரிச் செலவைக் கணக்கிட்டால் அது உடைகிறது. மலையிறங்கும் கார் பிரேக் பிடிக்கையில் பேட்டரியில் மின்சாரம் திரும்ப ஏறும். அந்தச் சாலையின் செலவு மைனஸ்.

அ-விலிருந்து ஆ-வுக்கு நேர்வழியில் 2 அலகு செலவு. அ-விலிருந்து மலையுச்சி இ-க்கு 5. இ-யிலிருந்து ஆ-வுக்கு இறங்கினால் −4. முறை முதலில் 2 என்று ஆ-வை முடித்துவிடும். அடுத்து இ-யை எடுக்கும்போது 5 − 4 = 1 என்ற மலிவான வழி தெரியவரும். ஆனால் ஆ-வின் கதவு ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. ஆ-வைத் தாண்டிய ஊர்களுக்கும் தப்பான செலவே போயிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதன் ஆபத்து.

எல்லாச் சாலைக்கும் 4 கூட்டி மைனஸை ஒழிக்கலாமா? நேர்வழி 6 ஆகும்; மலைவழி 9 + 0 = 9. இரண்டு சாலை கொண்ட வழிக்கு 4 இரண்டு முறை ஏறுவதால் விடை மீண்டும் தப்பு.

உயரத்தைக் கணக்கில் எடுப்பதே சரியான வழி. அ, ஆ இரண்டும் ஒரே உயரம், உச்சியின் நிலையாற்றல் 4.5 அலகு என்போம். ஏற்றத்தில் அதைக் கழித்து, இறக்கத்தில் கூட்டினால் மலைவழி 0.5 + 0.5 = 1; நேர்வழி 2-ஆகவே இருக்கும். இறக்கத்தில் திரும்பக் கிடைப்பது நிலையாற்றலை மீறாது என்பதால் மைனஸே வராது. டைக்ஸ்ட்ராவின் முறை இப்போது இ-யை முதலில் எடுத்து, ஆ-வுக்கு 1 என்ற சரியான விடையைத் தரும்.

இப்படி உயரம் போல ஒன்று கைவசம் இல்லாத வரைபடத்தில் மைனஸ் இருந்தால், மெதுவானாலும் பெல்மன்–ஃபோர்டு முறையைத்தான் நாட வேண்டும்.