வேலையை விட்டுப் போனவரைப் பற்றி ஒரு பிரெஞ்சுக் கடிதம்

பிரான்ஸில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் அவருக்கு வேலைச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், என்னென்ன வேலைகளில் இருந்தார் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவர் நன்றாக வேலை செய்தாரா என்பதற்கு அந்தத் தாளில் பதில் கிடையாது. பக்கத்து நாடான ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே ஊழியர் கேட்டால் அவருடைய திறமையையும் நடத்தையையும் மதிப்பிட்டு எழுதித் தரவேண்டும் என்பது சட்டம். பிரான்ஸில் அப்படி ஒரு விதி இல்லாததால், புதிய நிறுவனத்தில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருப்பவர் பழைய முதலாளிக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுகிறார்.

அதற்குப் பதில் எழுதியே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்துவிட்டால், ஒரு மனிதரின் அடுத்த சில ஆண்டுப் பிழைப்பு அந்தச் சில வரிகளைப் பொறுத்திருக்கலாம்.

லியோன் நகரில் கட்டுமானப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே கணக்கு உதவியாளராக இருந்த ஒரு பெண் 2020 செப்டம்பரில் சேர்ந்து 2023 டிசம்பரில் விலகினார். இப்போது ஓர் ஓட்டல் குழுமம் அதே மாதிரி வேலைக்கு அவரை எடுக்க நினைக்கிறது. முதலாளிக்கு வந்த மின்னஞ்சலில் ஆறு கேள்விகள்: வேலை பார்த்த தேதிகள், செய்த பணிகள், வேலையின் தரம், விலகிய காரணம், எத்தனை நாள் விடுப்பு எடுத்தார், மறுபடி அவரை வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா.

முதலாளி உடனே பதிலைத் தட்டத் தொடங்கக் கூடாது. கேட்பவர் யார் என்று முதலில் தெரிய வேண்டும். மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்தக் குழுமத்தின் பொது எண்ணுக்குப் போன் செய்து அந்த நபரைக் கேட்பது நல்லது. அடுத்து, அந்தப் பெண்ணிடமே பேச வேண்டும். வேலை தேடுபவருக்குத் தெரியாத வழியில் அவரைப் பற்றிய தகவலைத் திரட்டக் கூடாது என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் க்னில் என்ற அரசு அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆள்சேர்ப்பு வழிகாட்டியிலும் இந்த விஷயத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறது. “உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், பதில் எழுதலாமா?” என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். விலகிய காரணத்தை அவர் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில், இருதரப்பும் ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். உண்மையும் அதுதான். பிரான்ஸில் 2008 முதல் சட்டப்படி இருக்கும் வழி அது. அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

பிறகு பழைய கோப்புகளை எடுக்க வேண்டும். நினைவு கடைசி மாதங்களை மட்டும் பெரிதாகக் காட்டும். பிரிவு கசப்பாக நடந்திருந்தால் அந்தக் கசப்பு மூன்று ஆண்டுகள் மீதும் படிந்துவிடும். ஆண்டுதோறும் நடந்த மதிப்பீட்டுப் பேச்சின் குறிப்புகளில் அன்றைக்கே எழுதி வைத்தது அப்படியே இருக்கும். இந்தப் பெண்ணின் கோப்பில், வங்கிக் கணக்கைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் தவறே வராது என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதியிருக்கிறது. 2022-இல் மட்டும் ஒரு குறை: மாதக் கணக்கை ஐந்தாவது வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும், அது மூன்று முறை இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த ஆண்டு சரக்குதாரர்களின் பில்கள் திடீரென்று பெருகியிருந்தன. 2023-இல் பில்களை வாரம்தோறும் பதியும் ஏற்பாட்டுக்கு மாறிய பின் தாமதம் ஒரே ஒரு முறைதான்.

அதே 2022-இல் அவர் இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தார். மூன்று தாமதங்களில் ஒன்று, அவர் திரும்பி வந்த மாதத்தில் நடந்தது. அந்த ஒன்றைக் கடிதத்தில் குறையாக எழுதினால் நோயைத் தண்டிப்பது போல ஆகிவிடும். எழுதிவிட்டு விளக்கம் கொடுத்தால் நோய் வெளியே வந்துவிடும். ஆகவே மீதி இரண்டை மட்டும் பேச வேண்டும்.

விடுப்பு நாட்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் தரவே கூடாது. உடல்நிலை, கர்ப்பம், குடும்ப நிலை, தொழிற்சங்க ஈடுபாடு, பிறந்த இடம், மதம் ஆகியவற்றின் பேரில் வேலை மறுப்பது பிரான்ஸில் குற்றம். மூன்று ஆண்டு சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை போகலாம். ஆளெடுப்பவர் கேட்கும் தகவலுக்கும் அந்த வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. “இது குறித்து நாங்கள் தகவல் தருவதில்லை” என்று ஒரு வரி எழுதினால் போதும். நல்லெண்ணத்தோடு “உடம்பு சரியில்லாமல் இருந்தும் உழைத்தார்” என்று புகழ்வதும் இதே தவறுதான்.

பெரிய சிக்கல் மொழியில் இருக்கிறது. பாரிஸின் லா ஷாப்பெல் பகுதியில் கடையோ உணவகமோ நடத்தும் ஒரு தமிழருக்கும் இப்படி ஒரு மின்னஞ்சல் வரலாம். வளர்ந்த பிறகு பிரெஞ்சு கற்றவர், ஆங்கிலக் கடிதங்களைப் பார்த்துப் பழகியவர், இந்த இடத்தில்தான் அறியாமல் ஒருவரைக் கீழே தள்ளிவிடுவார். வேலை ‘கொரெக்ட்’ என்று பிரெஞ்சில் எழுதினால், படிப்பவருக்கு ‘ஏதோ ஓடியது’ என்ற அளவில்தான் படும். ‘தன்னால் ஆனதைச் செய்தார்’ என்ற வரி, ‘ஆனாலும் முடியவில்லை’ என்று காதில் விழும். நல்லது என்ற சொல்லுக்கு முன்னால் ‘அஸ்ஸே’ போட்டால் புகழ்ச்சி ஏறாது, இறங்கும். பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வில் இருபதுக்குப் பன்னிரண்டு எடுத்தவருக்குக் கிடைக்கும் தகுதி ‘அஸ்ஸே பியேன்’. பதினாறைத் தொட்டால்தான் ‘திரே பியேன்’. அந்த அளவுகோலில் வளர்ந்தவர்கள்தான் கடிதத்தைப் படிக்கிறார்கள்.

மறுபக்கம், ‘செரியூஸ்’ என்ற சொல்லை முகம் சிரிக்காதவர் என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. பொறுப்பானவர், நம்பி வேலையைக் கொடுக்கலாம் என்பது அதன் பொருள். ஒரு பிரெஞ்சு முதலாளி தரக்கூடிய நல்ல பெயர்களில் ஒன்று அது. கூடவே நின்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்கு ‘ஓட்டோனோம்’. இந்த இரண்டோடு ஓர் உதாரணமும் இருந்தால் அரைப் பக்கப் புகழுரையைவிட எடை அதிகம். இருபதுக்கு இருபது யாருக்கும் எளிதில் போடாத நாட்டில் ‘அபாரம்’, ‘குறையே இல்லை’ என்ற வகைச் சொற்கள் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

அளவு மீறிப் புகழ்வதில் முதலாளிக்கே வேறோர் ஆபத்தும் உண்டு. திறமை போதவில்லை என்று ஒருவரை வேலையை விட்டு நீக்கிவிட்டு, மனம் கேளாமல் அவருக்குப் பிரமாதமான கடிதம் கொடுத்தால், அவர் அதே கடிதத்தைத் தொழில் தகராறுகளை விசாரிக்கும் ப்ருதோம் மன்றத்தில் நீட்டலாம். நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட அவருக்கு 12 மாதம் அவகாசம் இருக்கிறது. “இவ்வளவு நல்லவரை ஏன் நீக்கினீர்கள்?” என்று அங்கே கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

லியோன் முதலாளியின் கடிதம் இப்படி அமையலாம். தொடக்கத்தில் பெயரைத் தனியாக எழுதாமல் ‘திருமதி’யோடு குடும்பப் பெயர். முதல் பத்தியில் தேதிகளும் பதவியும், சுமார் நாற்பது சரக்குதாரர்களின் கணக்கும் வங்கிச் சரிபார்ப்பும் அவர் பொறுப்பில் இருந்தன என்ற விவரமும். அடுத்ததில் அவருடைய பலம்: “வங்கிச் சரிபார்ப்பை முழுமையாக அவரிடமே விட்டிருந்தோம். ஆண்டு இறுதியில் எங்கள் தணிக்கைக் கணக்கர் அதில் திருத்தம் கேட்டதில்லை.” அதன் பிறகு குறை: “2022-இல் பில்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடியபோது மாதக் கணக்கு முடிப்பது இரண்டு முறை தாமதமானது. வாரம்தோறும் பதியும் முறைக்கு மாறிய பின் 2023-இல் கெடு ஏறக்குறைய எப்போதும் காக்கப்பட்டது. வேலை சீராகப் பிரிந்து வரும் இடத்தில் அவர் மிக நன்றாகச் செய்வார்.”

இந்தக் குறைப் பத்தியில்தான் கடிதத்தின் நேர்மை இருக்கிறது. ‘மெதுவாக வேலை செய்வார்’ என்று எழுதியிருந்தால் அது அந்தப் பெண்ணின் குணத்தின் மீது ஒட்டிக்கொள்ளும். எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும். எப்போது, எந்தச் சூழ்நிலையில், எத்தனை முறை, பிறகு என்ன மாறியது என்று எழுதினால், ஓட்டல் குழுமம் தன் வேலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அங்கே பில்கள் தினமும் சிறுசிறு தொகையாக வருமானால் இந்தக் குறையால் ஒரு பாதிப்பும் இல்லை. மாதக் கடைசியில் மொத்தமாக வந்து குவியுமானால், நேர்காணலில் அதைப் பற்றி அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். குறையை அடியோடு மறைத்திருந்தாலும் கெடுதல்தான். மாதக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத கணக்கரின் கடிதத்தை அனுபவமுள்ள ஆளெடுப்பவர் அப்படியே விடமாட்டார். இல்லாத வரியை வைத்து இருப்பதைவிட மோசமாக ஊகித்துக்கொள்வார்.

மறுபடி வைத்துக்கொள்வீர்களா என்ற கேள்வியை முதலாளி தாண்டிப் போகக் கூடாது. பிரெஞ்சில் இதற்கு ‘வொலோந்தியே’ என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்வேன் என்று பொருள். முழுமனதாக அப்படிச் சொல்ல முடியாவிட்டால் எல்லையை வரைந்து சொல்லலாம்: “சரக்குதாரர் கணக்குப் பொறுப்புக்கு, மகிழ்ச்சியோடு.” தான் எந்த அளவுக்கு உத்தரவாதம் தருகிறார் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

அனுப்புவதற்கு முன், அந்தப் பெண்ணே படிக்கப்போகிறார் என்று நினைத்துக் கடிதத்தை ஒரு முறை வாசிக்க வேண்டும். தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்கும் உரிமை ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் இருப்பதால், அவர் உண்மையிலேயே படிக்க நேரலாம். அவர் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கும் வரி ஏதாவது இருந்தால், அதற்குப் பின்னால் ஆதாரம் இருக்கிறதா என்று கோப்பைத் திரும்பவும் பார்க்க வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் வரியை எடுத்துவிட வேண்டும்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகும் போன் வரும். பிரான்ஸில் ரெஃபரன்ஸ் விசாரிப்பதில் பெரும்பங்கு போனில்தான் நடக்கிறது. “நமக்குள் இருக்கட்டும், ஆள் எப்படி?” என்று எதிர்முனையில் கேட்பவர் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டுதான் இருப்பார். எழுத்தில் சொல்லாத எதையும் லியோன் முதலாளி அங்கே சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு அதே இரண்டு தாமதங்களையும் அதே திருத்தத்தையும் சொல்லலாம். பிள்ளைகள் இருக்கிறார்களா, அடிக்கடி லீவு போடுவாரா என்று பேச்சு திரும்பினால், அதைப் பற்றித் தான் பேசுவதில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வங்கிச் சரிபார்ப்பைப் பற்றி இன்னும் ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்கலாம்.