மெக்ராத்தும் மக்ரேயும் ஒரே பெயர்தான்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத்தைத் தெரியும். ஜேம்ஸ் மக்ரேயைத் தெரிந்தவர்கள் குறைவு. 1725 முதல் 1730 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் அவர். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையும் அப்போது சென்னைக்குக் கீழ்தான் இருந்தது. எழுத்தைப் பார்த்தால் மெக்ராத்துக்கும் மக்ரேவுக்கும் ஒட்டுறவு இருப்பதாகவே தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே கேலிக் பெயர். அது எப்படி இரண்டாகப் பிரிந்தது என்று பார்த்தால் 'மக்', 'ஓ' என்று தொடங்கும் பெயர்களின் கதை பெரும்பாலும் விளங்கிவிடும்.

கேலிக் என்பது அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் வழங்கிய மொழிக் குடும்பம். அதில் 'மக்' என்றால் மகன். நம்மூர்ப் பத்திரங்களில் 'ராமசாமி மகன் முருகன்' என்று எழுதுவதுபோல அங்கும் தகப்பன் பெயரைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டினார்கள். தமிழ் 'மகன்' போலவே ஒலிப்பதால் இரண்டுக்கும் உறவு இருக்குமோ என்று பலர் கேட்பதுண்டு. அது தற்செயல்தான். ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய அயர்லாந்துக் கல்வெட்டுகளில் இந்தச் சொல் 'மக்கி' என்ற வேற்றுமை வடிவத்தில் இருக்கிறது. அந்த 'க்' உதடு குவித்துச் சொல்லும் 'க்வ்' போன்ற ஒலி. பக்கத்து வேல்ஸ் மொழியில் அதே ஒலி 'ப்' ஆனது. 'மக்' அங்கே 'மப்' ஆகி, பிறகு 'அப்' என்று தேய்ந்தது. வேல்ஸ்காரர்களின் 'அப் ரீஸ்' ஒட்டிக்கொண்டு 'பிரைஸ்' ஆனது இப்படித்தான். தமிழ் மகனுக்கு இப்படியொரு வரலாறு கிடையாது.

'ஓ' என்பது பேரன், பிறகு வழித்தோன்றல். 1014-ல் போரில் இறந்த அயர்லாந்து மன்னன் பிரையன் போருவின் வழிவந்தவர்கள் 'ஓ பிரையன்' ஆனார்கள். முதலில் இந்தச் சொற்கள் உண்மையான தகப்பனையோ தாத்தாவையோ குறித்தன, அதனால் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. அயர்லாந்தில் 10, 11-ஆம் நூற்றாண்டுகளிலிருந்து அவை நிலையான குடும்பப் பெயராக உறைந்தன. ஸ்காட்லாந்து மலைநாட்டில் பல இடங்களில் அதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

இனி மக்ரேவுக்கு வருவோம். கேலிக்கில் அது 'மக் ரத்'. 'ரத்' என்றால் அருள், நற்பேறு. இங்கே தகப்பன் பெயர் ரத் இல்லை. 'அருளின் மகன்' என்று பிள்ளைக்கே வைத்த பெயர் அது. பிறகு அந்தப் பெயருடையவரின் வழியில் வந்தவர்களுக்குக் குடும்பப் பெயராகியது. கடைசியில் உள்ள 'த்' இடைக்காலத்திலேயே பேச்சில் தேய்ந்துபோனது. எழுத்தில் மட்டும் நின்றது. ஆகவே கேலிக் தெரியாத எழுத்தருக்குக் காதில் விழுந்தது 'மக்ரா' என்பதுதான்.

அவர் அதை ஆங்கில எழுத்தில் எப்படிப் பிடிப்பார்? 'க்' ஒலி முதல் சொல்லோடு சேர்ந்ததா, இரண்டாம் சொல்லோடு சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. ஒருவர் மக்-ரே என்று பிரித்தார், இன்னொருவர் மக்-கிரே என்று சியை இரண்டு முறை போட்டார். அயர்லாந்தில் சில ஒலிகளுக்கு முன்னால் 'மக்' என்பது 'மக' என்று மென்மையாகி ஜி எழுத்துக்கு வந்தது. அதோடு கேலிக் எழுத்துக்கூட்டில் இருந்த 'த்' எழுத்தையும் யாரோ அப்படியே வைத்துக்கொள்ள, மெக்ராத் பிறந்தது. எழுதியிருக்கிறதே என்று நாம் 'த்' சொல்கிறோம். அந்தப் பெயருடைய பலர் இன்றும் 'மக்ரா' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆளுநர் மக்ரேயின் பெயரே அவர் வாழ்நாளில் நிலையாக இல்லை. ஆளுநராகும் முன்பு அவர் கசாண்ட்ரா என்ற கம்பெனிக் கப்பலின் தலைவர். 1720-ல் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு ஒன்றின் அருகே கடற்கொள்ளையரோடு போரிட்டு உயிர் தப்பினார். சார்லஸ் ஜான்சன் என்ற பெயரில் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாற்று நூலில் அவர் 'கேப்டன் மக்ரா'. நடுவில் கே எழுத்து, கடைசியில் ஏ. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதே பழக்கத்தில்தான் ஆங்கிலேய எழுத்தர் கூட்டம் சிதம்பரத்தைச் 'சில்லம்பரம்' என்றும் 'செலம்பரம்' என்றும் எழுதி வைத்தது.

'மெக்' என்று எம்-சி போட்டால் அயர்லாந்துக்காரர், முழுதாக எம்-ஏ-சி போட்டால் ஸ்காட்லாந்துக்காரர் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. எம்-சி வெறும் சுருக்கம். எம்முக்கு மேலே சிறிய சி போட்டு எழுதுவது எழுத்தர் பழக்கம். இரு நாட்டிலும் இரண்டும் உண்டு.

காது மட்டுமல்ல, அச்சும் பெயரை மாற்றியது. சுவடிகள் தொகுத்த காலின் மெக்கன்சியை நமக்கு நன்றாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து 1783-ல் சென்னைக்கு வந்து, 1815-ல் இந்தியாவின் தலைமை நில அளவையாளர் ஆனவர். அவர் பெயர் கேலிக்கில் 'மக் கொய்ன்யிஹ்', கொய்ன்யஹ் என்பவரின் மகன். ஸ்காட்லாந்து எழுத்தர்கள் அந்த 'ய்' ஒலிக்கு, மூன்று என்ற எண்ணைப் போல வாலுள்ள ஒரு பழைய எழுத்தைப் பயன்படுத்தினார்கள். அச்சுக்கூடத்தில் அந்த எழுத்து இல்லை. பார்வைக்கு நெருக்கமாக இருந்த இசட்டைக் கோத்தார்கள். 'மக்கென்யி' என்று ஒலித்தது 'மக்கென்ஸி' ஆனது. படித்தவர்கள் எழுத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தவறான ஒலியே பெயராக நிலைத்துவிட்டது.

'ஓ'வுக்கு நேர்ந்தது வேறு. 1758 ஜூன் 2-ஆம் தேதி புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லாலி பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர், ஆனால் தகப்பன் வழியில் அயர்லாந்துக்காரர். கால்வே மாவட்டத்துத் தூவம் அருகே இருந்த குடும்பம் அது. அவர்கள் பெயர் 'ஓ மூலாலி'. ஆங்கில ஆட்சி இறுகிய காலத்தில் அயர்லாந்தில் பலர் முன்னொட்டைக் கைவிட்டார்கள். கேலிக் அடையாளம் வேலைக்கும் நிலத்துக்கும் தடையாக இருந்தது. 'ஓ' போய் மூலாலி, பிறகு முன்பகுதியும் போய் லாலி. பிரான்சில் குடும்ப ஊரின் பெயரான 'தொலந்தால்' பின்னால் சேர்ந்தது. ஒரே வம்சத்தின் பெயர் மூன்று மொழிகளில் இப்படி ஆகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேலிக் மறுமலர்ச்சி வந்தபோது பல அயர்லாந்துக் குடும்பங்கள் 'ஓ'வைத் திரும்ப எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் 'ஓ'வுக்குப் பக்கத்தில் போடும் ஒற்றைக் குறி கேலிக்கில் கிடையாது. அங்கே 'ஓ' எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடுதான். அதை ஆங்கிலேயர் தங்கள் மொழியின் சுருக்கக்குறி என்று நினைத்துப் பக்கத்தில் இறக்கினார்கள்.

பெண்களுக்கு 'மக்', 'ஓ' இரண்டும் பொருந்தாது, அவை மகனும் பேரனும் ஆயிற்றே. மெக்கன்சி குடும்பத்துப் பெண் கேலிக்கில் 'நிக் கொய்ன்யிஹ்'. 'ஓ' குடும்பத்துப் பெண்ணுக்கு 'நீ'. அதன் பின்னால் பெயரின் முதல் எழுத்தும் குழைந்துவிடும். 'ஓ மூலாலி'யின் மகள் 'நீ வூலாலி'. ஆங்கிலப் பதிவேட்டில் மட்டும் அண்ணனும் தங்கையும் ஒரே பெயரில் இருப்பார்கள்.

கடலூரிலும் சென்னையிலும் உள்ள பழைய கல்லறைகளிலிருந்தோ கம்பெனிப் படைப்பட்டியல்களிலிருந்தோ ஒருவரைத் தேடுபவர்கள் கணினியில் ஒரே எழுத்துக்கூட்டைத் தட்டினால் ஆள் அகப்படமாட்டார். மக்ரே ஒருவருக்கே குறைந்தது இத்தனை தட்ட வேண்டும்:

```
Macrae   McRae   MacCrae   McCrea
Mackra   McCraw  Magrath   McGrath
```

உயிரெழுத்தை நம்பாமல் எம், க-வகை ஒலி, ஆர் என்ற எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, வயது, படைப்பிரிவு, தேதி ஆகியவற்றை ஒத்துப் பார்ப்பதே வழி. முன்னொட்டே இல்லாமலும் ஒருமுறை தேட வேண்டும்.

பெயர் ஒத்துவிட்டது என்பதால் உறவு உறுதியாகிவிடாது. 'அருளின் மகன்' என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த குடும்பங்கள் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் தனித்தனியே பல இருந்தன. கிளென் மெக்ராத்தும் ஆளுநர் மக்ரேயும் பெயரால் ஒன்று. ஒரே குடும்பம் என்று சொல்ல அது போதாது.